வெள்ளத்தில் நின்றுபோன வண்டி: ஒரு சிறுகதையை எழுதி முடிக்க முழுமையான வழிகாட்டி

மழை இரவில் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் டெலிவரிக்காரரைப் பற்றி நான் முதலில் எழுதிய கதையில், முதல் ஒன்றரைப் பக்கமும் மழைதான் பெய்துகொண்டிருந்தது. வானம் கிழிந்தது, தெரு நதியானது, எல்லாம் ஆனது. எட்டாவது பத்தியில்தான் வண்டி நின்றது. எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் அதை வாசித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி எதனால சார் நின்னுச்சு?"

"தண்ணியில போனதால."

"தண்ணியில போனா எதனால நிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கதையில் என்னவோ சரியில்லை என்று ஒரு வாரமாகத் தோன்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. வண்டி ஏன் நின்றது என்று எழுதுகிறவனுக்கே தெரியாததால், அடுத்து அந்த ஆள் என்ன செய்வான் என்பதும் தெரியவில்லை. அதனால்தான் அவனை மழையில் நனையவிட்டுக் கலங்கவைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே கதையை இன்ஜினிலிருந்து தொடங்கித் திரும்ப எழுதினேன். அப்படி எழுதிய முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த மழை, எந்தத் தெரு

சென்னையில் நடக்கிற கதை என்றால் வடகிழக்குப் பருவமழை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இதில் பலரும் செய்கிற தவறு, 2015 டிசம்பரையோ 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையோ எடுத்துக்கொள்வது. அவை பேரிடர்கள். அந்த மாதிரி இரவில் படகு வரும், ஹெலிகாப்டர் வரும், பிரியாணி வராது. நம் ஆளுக்கு வேலையே இருக்காது. நமக்கு வேண்டியது, "இன்னும் ஒரு ட்ரிப் அடிச்சுடலாம்" என்று நினைக்க இடம் கொடுக்கிற மழை. வானிலை மையம் "கனமழை" என்று சொல்வது 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஆறரை முதல் பதினொன்றரை சென்டிமீட்டர் வரை. அதில் பெரும்பகுதி மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் கொட்டித் தீர்த்துவிட்டால் நம் கதைக்குப் போதும். ஒன்பதரைக்குத் தூறலாகக்கூட இருக்கலாம். மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பது தாழ்வான பகுதிகளின் வழக்கம்.

நான் வேளச்சேரியை எடுத்துக்கொண்டேன். விஜயநகர் பேருந்து நிலையத்தைத் தாண்டி ராம் நகர் பக்கம். ஏரிக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே எழும்பிய பகுதி அது. அங்கே விழுகிற தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலைப் பார்க்கப் போக வேண்டும். சதுப்பு நிலம் நிறைந்திருந்தால் தெருத் தண்ணீருக்குப் போக வழியில்லை, அப்படியே நிற்கும். இதையெல்லாம் கதையில் எழுத வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிற்கிற தண்ணீரில் பள்ளம் தெரியாது. ஓடுகிற தண்ணீரில் சுழல் பார்த்துப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கலாம். நம் ஆள் பிறகு அங்கே நடந்து போகப்போகிறான்.

வேளச்சேரியில் ஒரு நல்ல தகவல் இருக்கிறது. பெருமழை எச்சரிக்கை வந்தால் அங்கிருக்கிறவர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். கதையில் ஒரே ஒரு வாக்கியம்: மேம்பாலத்தில் கார்கள் ஏறி நின்றுவிட்டன, அதன் அடியில் நம் ஆள் பையோடு போகிறான். அதற்குமேல் அதை விளக்காதீர்கள்.

ஆழத்தை அடியிலும் சென்டிமீட்டரிலும் எழுத வேண்டாம். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று உடம்பால் அளந்து எழுதுங்கள். வண்டியிலும் அதேபோல அளவுகள் உண்டு: சைலன்சர் வாய், கால் வைக்கிற பலகை, சீட். கெண்டைக்கால் அளவுத் தண்ணீரில் சைலன்சர் வாய் மூழ்கிவிடும். முழங்காலை எட்டும்போது பலகையின் மேல் தண்ணீர் ஏறிவிடும். இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நம் கதை நடக்கிறது.

இரண்டாம் படி: வண்டி ஏன் நின்றது

இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள். வெள்ளத்தில் ஸ்கூட்டர் நிற்க முக்கியமாக மூன்று காரணங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு கதைகள்.

முதலாவது, சைலன்சர் அடைப்பது. இன்ஜின் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை தண்ணீர் உள்ளே வராது. பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டால் அந்தத் தள்ளும் வேகம் குறையும், தண்ணீர் எதிர்த்து அழுத்தும், இன்ஜின் மூச்சு முட்டி நிற்கும். அதனால்தான் பழகியவர்கள் தண்ணீரில் ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமல் பிரேக்கால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்படி நின்ற வண்டியை மேட்டுக்குத் தள்ளி, சைலன்சர் தண்ணீரை வடித்துவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் தொப்பியும் வயரும் நனைவது. வண்டி ஒரேயடியாக நிற்காது. இருமும், இழுக்கும், விட்டுவிட்டு ஓடும், பிறகு நிற்கும். துடைத்து உலர்த்தினால் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் நம்முடையது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீரே இன்ஜினுக்குள் போய்விடுவது. ஏர் ஃபில்டர் பெட்டி பலகையைவிட உயரத்தில், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும். நிற்கிற தண்ணீர் சாதாரணமாக அதை எட்டாது. ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய கார் வேகமாகப் போனால் அலை எழும்பி வந்து அடிக்கும். அந்த ஒரு நொடியில் இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துவிடும். பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்குகிற சாதனம். தண்ணீர் நசுங்காது. ஆக பிஸ்டன் பாதி வழியில் சுவரில் மோதியதுபோல நிற்கும். இருமல் கிடையாது, "டக்" என்று ஒரே சத்தம். அவ்வளவுதான்.

இப்போது கவனியுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் பிஸ்டனை அந்தத் தண்ணீரின்மேல் தள்ளும். பிஸ்டனைத் தாங்கியிருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட வாய்ப்பு உண்டு. வளைந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அழுத்தாமல் விட்டால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றினால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

என் கதை இங்கேதான் கிடைத்தது. இருட்டில், இடுப்புப் பையில் போன் அடித்துக்கொண்டிருக்க, ஒருவனின் கட்டைவிரல் ஒரு பட்டனின்மேல் இருக்கிறது. அவனுக்கு உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அழுத்தினால் ஒருவேளை கிளம்பும். அழுத்தாவிட்டால் இன்றைய சம்பாத்தியம் போகும். மழை இதற்குப் பின்னணி மட்டும்தான்.

ஒரு குறிப்பு: வண்டி எலக்ட்ரிக் என்றால் இந்தக் கதை நடக்காது. அதற்கு ஏர் ஃபில்டரும் இல்லை, பிஸ்டனும் இல்லை. அது நின்றால் காரணம் வேறு, அவன் எடுக்க வேண்டிய முடிவும் வேறு. அதனால் எந்த வண்டி, எந்த வருஷ மாடல் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நான் எட்டு வருஷம் ஓடிய, கிக்கர் உள்ள 110 சிசி ஸ்கூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டேன். சில புதிய வண்டிகளில் கிக்கரே கிடையாது. கிக்கர் எனக்கு வேண்டும், ஏன் என்று பின்னால் வரும்.

மூன்றாம் படி: வண்டி யாருடையது, மணி என்ன

வண்டி அவனுடையதாக இருந்தால் அழுத்தினாலும் நஷ்டம் அவனோடு போகும். அதனால் வண்டியை அவன் மச்சானுடையதாக ஆக்கினேன். மனைவியின் அண்ணன். சும்மா கொடுத்திருக்கிறார், வாடகை வாங்குவதில்லை. அதுதான் சிக்கல். வாடகை வாங்கியிருந்தால் கணக்காகப் போயிருக்கும். சும்மா கொடுத்த வண்டியைக் கெடுத்துவிட்டு வீட்டுக்குள் எப்படிப் போவது? இதைக் கதையில் ஒரு பத்தியாக விளக்காமல், மச்சான் எப்போதோ சொன்ன ஒரு வரியில் வைத்துவிடலாம்: "தண்ணியில நின்னா மட்டும் செல்ஃப் அடிச்சிடாத மாப்ள. தள்ளிட்டே வந்துரு."

எது எத்தனை மணிக்கு நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் போட்டது இப்படி:

9:35 – கடையில் பார்சல் வாங்குகிறான்
9:50 – வண்டி நிற்கிறது
9:58 – கஸ்டமர் முதல் போன்
10:20 – ஒரு அப்பார்ட்மெண்ட் வாசல் சரிவுக்கு வந்து சேர்கிறான்
10:40 – பிளக் வெளியே

நின்ற இடத்திலிருந்து அந்தச் சரிவு இருநூற்றைம்பது மீட்டர்தான். காய்ந்த ரோட்டில் நாலு நிமிஷ நடை. நூறு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள வண்டியை முழங்கால் தண்ணீரில், பள்ளம் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனால் அரைமணி ஆகிவிடும். முதலில் இதை ஐந்து நிமிஷம் என்று எழுதியிருந்தேன். ஒரு மழை நாளில் என் வண்டியைக் கணுக்கால் தண்ணீரில் எங்கள் தெருவில் ஒரு முறை தள்ளிப் பார்த்தபிறகு திருத்தினேன். தோளைவிட முதலில் வலிப்பது மணிக்கட்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஹேண்டிலைத் தண்ணீர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு ஆர்டர் முடித்தால் அன்றைய இன்சென்டிவ் கிடைக்கும் என்று வைத்தேன். தொகையைக் கதையில் சொல்லவில்லை. தொகை சொன்னால் வாசகர் அது பெரிதா சின்னதா என்று யோசிக்கப் போய்விடுவார்.

இந்த விவரங்களுக்கு ஓட்டுகிறவர்களிடம் பேசாமல் எழுதாதீர்கள். பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்காகக் காத்து நிற்கும் நேரம்தான் அவர்கள் சும்மா இருக்கிற நேரம். "ரொம்பக் கஷ்டமாண்ணா?" என்று கேட்டால் "ஆமா சார்" என்பார்கள், அதோடு முடிந்தது. "கடைசியா எப்பண்ணா வண்டி நின்னுச்சு?" என்று கேளுங்கள். கதையாகக் கொட்டும்.

நான்காம் படி: இருட்டை எழுதுவது

தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தெருவிளக்கும் இருக்காது. எங்கேயோ ஒரு அப்பார்ட்மெண்டில் ஜெனரேட்டர் ஓடும். அப்படியென்றால் நம் ஆளுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

"ஹெட்லைட் வெளிச்சத்தில் தண்ணீர் பளபளத்தது" என்று எழுதியிருந்தேன். மெக்கானிக் சிரித்தார். இந்த மாதிரிப் பழைய ஸ்கூட்டர்களில் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். இன்ஜின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். ஆனால் ஹார்னும் இன்டிகேட்டரும் பேட்டரியில் ஓடுகிறவை, சாவி போட்டிருந்தால் வேலை செய்யும். எனக்கு இதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்க முடியாது. என் கதையின் தொடக்கம் இதனால்தான் இப்படி மாறியது:

> இன்டிகேட்டர் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு முழம் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகி, மறுபடி கறுப்பானது. கார் போய்விட்டது. அது கிளப்பிய அலை எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து குமரேசனின் முட்டியில் ஒருமுறை தட்டியது. இன்ஜின் நின்றுவிட்டது தெரிந்தும் அவன் ஆக்ஸிலேட்டரை விடவில்லை. முறுக்கியபடியே வைத்திருந்தான்.

முதல் வரியிலேயே வண்டி நின்றிருக்கிறது. மழை என்ற சொல் வரவில்லை. கை முறுக்கியபடியே இருப்பது அவன் பழகிய ஓட்டுநர் என்பதையும் சொல்லிவிடுகிறது. தண்ணீரில் ஆக்ஸிலேட்டரை விடக்கூடாது என்று கைக்குத் தெரியும். தலைக்குத்தான் இன்னும் செய்தி போகவில்லை.

போனையும் மறக்காதீர்கள். ஈர விரலுக்குத் திரை அடங்காது. தண்ணீர்த் துளி விழுந்தால் தானாகவே எங்கேயோ அமுங்கும். அதனால் பலரும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருப்பார்கள். குமரேசன் போனை எடுக்கும் முன்பு விரலைத் துடைக்க ஓர் உலர்ந்த இடம் தேடுகிறான். ரெயின்கோட்டுக்குள், பனியனுக்குள், அக்குளில். அங்கேயும் ஈரம். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கடைசியில் உணவுப் பையைத் திறந்து, உள்ளே சூடாக இருக்கும் பார்சல் கவரில் விரலைத் துடைக்கிறான். இதை ஒரு ஓட்டுநர் எனக்குச் சொல்லவில்லை, எழுதும்போது தானாக வந்தது. ஆனால் பிறகு ஒருவரிடம் கேட்டபோது "டிஷ்யூ இருக்குமே சார் அதுல" என்றார். டிஷ்யூ என்று திருத்தினேன். அவர் சொன்னதுதான் சரி.

ஐந்தாம் படி: யார் வருகிறார்கள்

கஸ்டமர் குரலாக மட்டும் இருக்கட்டும். கெட்டவராகவும் வேண்டாம், கண்ணீர் விட்டு உருகுகிறவராகவும் வேண்டாம். நான் எழுதிய பேச்சு:

> "அண்ணா, மேப்ல அங்கேயே நிக்குதே?"
> "வண்டி ஆஃப் ஆயிடுச்சு மேடம். தண்ணி."
> "ஐயோ. எவ்ளோ நேரம் ஆகும்?"
> "பாக்குறேன் மேடம்."
> "குழந்தை தூங்கிடுவா, அதான்."

அவ்வளவுதான். அவர் திட்டவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரி திட்டைவிட அதிகம் தள்ளுகிறது. கட்டைவிரல் மறுபடி பட்டனுக்குப் போகிறது.

இரண்டாவது ஆளாக ஒரு வாட்ச்மேன். அறுபது வயது, லுங்கியை மடித்துக் கட்டி, கையில் டார்ச். அவர் வருவதற்குக் காரணம் வேண்டும். உதவி செய்வதற்காக யாரும் இருட்டில் தண்ணீருக்குள் இறங்கி வரமாட்டார்கள். திறந்த பாதாளச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் அவர் ஒரு வேப்பங்கிளையை நட்டு வைத்திருக்கிறார். மூடி திறந்திருக்கும் இடத்தில் கிளையோ நாற்காலியோ நட்டுவைப்பது நம் ஊர்களில் எழுதாத சட்டம். அன்றைக்குக் கிளை சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்தத்தான் இறங்கினார்.

> "யாருப்பா அது? அப்படியே நில்லு. லெஃப்ட்ல வராத, மூடி இல்ல."
> "எந்தப் பக்கம் வர்றதுங்க ஐயா?"
> "நடு ரோட்டுலயே வா. அந்த ஈபி பொட்டிகிட்டயும் போவாத."

இதற்குமேல் வாட்ச்மேனை நல்லவராக்க முயலாதீர்கள். டார்ச் பிடிக்கட்டும், போதும். என் முந்தைய பிரதியில் அவர் தன் மகனைப் பற்றிப் பேசினார். முழுதாக வெட்டிவிட்டேன்.

ஆறாம் படி: பிளக்கைக் கழற்றுகிற காட்சி

கதையின் நெஞ்சுப்பகுதி இதுதான். வேலையை வரிசை மாறாமல் எழுதினால் பதற்றம் தானாக வரும்.

முதலில் சாவியை அணைக்க வேண்டும். அதோடு இன்டிகேட்டரும் போய்விடும், இருட்டு முழுதாகும். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டும். பிறகு கிக்கரைக் காலால் மிதிக்காமல் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அது ஒரு கனத்தோடு இறங்கும். பாதியில் கல்லில் மோதியதுபோல நின்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். கிக்கர் உள்ள வண்டியை நான் பிடிவாதமாக வைத்துக்கொண்டது இதற்காகத்தான். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல அவன் கை வைக்கிறான், உள்ளிருந்து பதில் வருகிறது.

> உள்ளங்கையை வைத்து அழுத்தினான். ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். நகரவில்லை.
> "என்னப்பா?" என்றார் வாட்ச்மேன்.
> "இருக்குங்க" என்றான் குமரேசன்.
> "என்ன இருக்கு?"
> அவன் சீட்டைத் தூக்கி ஸ்பேனரைத் தேடினான்.

அடுத்து பிளக். அது எங்கே இருக்கும், எந்த மூடியைக் கழற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரு மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தொப்பியை இழுத்து எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, பிளக் ஸ்பேனரை மாட்டித் திருக வேண்டும். முதல் திருகல்தான் கடினம், பிறகு கையாலேயே வந்துவிடும். பிளக் வெளியே வந்ததும், சாவி அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, கிக்கரை அழுத்த வேண்டும். சாவி போட்டிருந்தால் பிளக் வயரில் தீப்பொறி வரும், ஓட்டையிலிருந்து வருவதில் பெட்ரோலும் கலந்திருக்கும். இரண்டும் சேரக்கூடாது.

அழுத்தினால் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேனின் முகத்தில் அடிக்கவிட்டேன். கதை முழுவதிலும் ஒருவர் சிரிப்பது அந்த ஒரு இடத்தில்தான். பத்துப் பதினைந்து முறை அழுத்தியபிறகு தண்ணீர் போய் "புஸ், புஸ்" என்று வெறும் காற்று வரும்.

அப்புறம் எண்ணெய். இங்கே நான் ஒரு பெரிய தவறு செய்திருந்தேன். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்க்கிறான், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருக்கிறது, அதனால் வண்டியைக் கிளப்பவில்லை என்று எழுதியிருந்தேன். தண்ணீர் கலந்த எண்ணெய் அப்படித்தான் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக் இந்தமுறை சிரிக்கவில்லை, விளக்கினார். எண்ணெயும் தண்ணீரும் அந்த நிறத்துக்கு வர, இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிக் கடைய வேண்டும். "டக்" என்று நின்ற வண்டியில் அது நடந்திருக்காது. குச்சியில் துளியாகத் தண்ணீர் தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். தெரியவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று சொல்ல முடியாது. எண்ணெயை மாற்றாமல் ஓட்டக்கூடாது என்பதுதான் பாடம்.

இது கதையை இன்னும் நன்றாக ஆக்கியது. குச்சி பால்நிறத்தில் வந்திருந்தால் முடிவை எண்ணெயே எடுத்திருக்கும். இப்போது குச்சி சுத்தமாக வருகிறது. கிக்கர் லேசாக இறங்குகிறது. பிளக் துடைத்தாகிவிட்டது. மாட்டி அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும் என்றே தோன்றுகிறது. மணி 10:55. பார்சல் இன்னும் இளஞ்சூடு. தடுப்பதற்கு மச்சான் சொன்ன ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஏழாம் படி: முடிப்பது

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. அவன் அழுத்துகிறான், வண்டி கிளம்புகிறது, குழந்தை விழித்திருக்கிறது. இதைப் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். அவன் அழுத்துகிறான், ராடு வளைகிறது. இது தண்டனைக் கதை. அவன் அழுத்தவில்லை என்பது மூன்றாவது. நான் இதை எடுத்துக்கொண்டேன். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அழுத்தாததால் இன்ஜின் பிழைத்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் எண்ணெய் மாற்றியதும் வண்டி கிளம்பிவிடும். மச்சான், "இதுக்குத்தான் ராத்திரி பூரா வரலையா?" என்று கேட்பார். கெடாத பொருளுக்குச் சாட்சி கிடையாது. ஆனால் இதைக் கதைக்குள் யார் வாயிலும் போடாதீர்கள். மச்சான் கேட்கும் காட்சியையும் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். கதை அந்தச் சரிவிலேயே முடிய வேண்டும்.

பார்சல் என்ன ஆகிறது என்பதை மட்டும் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாசகர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். முகவரி அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய அறுநூறு மீட்டர். அவன் வண்டியை விட்டுவிட்டு நடக்கலாம். செருப்பைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது, அதனால் வெறுங்காலில். அல்லது ஆர்டர் ரத்தாகிவிடலாம். ரத்தானால் உணவை என்ன செய்யச் சொல்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஓட்டுகிறவரிடம் கேட்டு எழுதுங்கள். நான் அவனை நடக்கவைத்தேன்.

எழுதி முடித்ததும் மழை, கண்ணீர், இருள், தனிமை ஆகிய நாலு சொற்களும் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். எனக்கு மழை பதினேழு முறை வந்தது. மூன்றாகக் குறைத்தேன். கண்ணீர் ஒரு முறை, எடுத்துவிட்டேன். அடுத்து மெக்கானிக்கிடம் ஒருமுறையும், ஓட்டுகிறவர் ஒருவரிடம் ஒருமுறையும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நெற்றியைச் சுருக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டால் போதும், விமர்சனம் எதுவும் கேட்க வேண்டாம்.

கடைசிப் பத்தியில் எனக்கு ஒரே ஒரு கோடு விழுந்தது. குமரேசன் பிளக்கைத் திரும்ப மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான் என்று எழுதியிருந்தேன். சபலம் வந்து மறுபடி அழுத்திவிடக்கூடாதே என்பதற்காக. "ஓட்டைய அப்படியே திறந்து வுட்டா மழைத்தண்ணி இறங்கிடும் சார்" என்றார் மெக்கானிக். அதனால் அந்த இடம் இப்படி ஆனது:

> பிளக்கைக் கையாலேயே திருகி மாட்டினான். வயரை மட்டும் மாட்டவில்லை. சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் நீட்டினான்.
> "எதுக்குப்பா எங்கிட்ட?"
> "காலையில வந்து வாங்கிக்கறேங்க ஐயா. நான் கேட்டாலும் இப்ப குடுக்காதீங்க."
> அவர் டார்ச்சைத் தண்ணீர்மேல் அடித்தார். வேப்பங்கிளை நிமிர்ந்துதான் இருந்தது. குமரேசன் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் இறங்கினான்.